கூடாரத்துக்குள் வைத்த மன்னா

கேள்வி: "திருமங்கலம் பக்கம் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம், குடியிலிருந்து மீண்டு வருகிறவர்கள் 15 பேர் கூடுகிறார்கள். அடுத்த வாரம் 20 நிமிடம் வேதத்திலிருந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிருபையைப் பற்றிப் பேசினால் 'அப்ப குடிச்சாலும் பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். தினமும் உண்மையாயிரு என்று பேசினால் இருக்கிற குற்ற உணர்வும் கூடிவிடுமோ என்று பயம். நான் குடித்ததே இல்லை. எந்தப் பகுதியை எடுப்பது, எப்படிப் பேசுவது?"

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுங்கள். மன்னா விழுந்த கதை. எல்லாருக்கும் ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதை என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உங்களுடைய இரண்டு பயத்துக்கும் பதில் அந்த அதிகாரத்தின் 20, 21-ஆம் வசனங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. நான் மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் 17 வருடம் ஆலோசகனாக வேலை பார்த்தவன். இப்போதும் அரசரடிப் பக்கம் ஓர் ஆலய மண்டபத்தில் கூடும் குழுவில் வாரந்தோறும் உட்காருகிறேன். இந்த வருடங்களில் அங்கே பேச வந்தவர்கள் எத்தனையோ பேர். பாதிப்பேர் 1 கொரிந்தியர் 6:10-ஐ எடுப்பார்கள். வெறியர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்று வாசித்துவிட்டு வேதத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வசனம் "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்" என்று தொடங்குகிறது. அந்த "ஆயினும்" வரைக்கும் வராத பேச்சைக் கேட்டுவிட்டு, நேராகக் கடைக்குப் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆனால் மன்னாவிலேயே பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். எண்ணாகமம் 11:5-இல் தொடங்குங்கள். வனாந்தரத்தில் ஜனங்கள் அழுதுகொண்டே சொல்கிறார்கள்: "நாம் எகிப்திலே கிரயமில்லாமல் சாப்பிட்ட மச்சங்களையும், வெள்ளரிக்காய்களையும், கொம்மட்டிக்காய்களையும், கீரைகளையும், வெண்காயங்களையும், வெள்ளைப்பூண்டுகளையும் நினைக்கிறோம்." நிதானமாக வாசித்துவிட்டு, "கிரயமில்லாமல்" என்ற சொல்லில் நின்றுகொள்ளுங்கள். எகிப்தில் மீன் என்றால் நைல் நதி மீன்தான். யாத்திராகமம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், பிறந்த ஆண்பிள்ளைகளை நதியிலே போட்டுவிடச் சொல்லிப் பார்வோன் கட்டளையிடுகிறானே, அந்த நதி. வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கணக்கு மட்டும் கேட்டு முதுகில் அடித்த ஊர். அங்கே சாப்பிட்ட மீனை இவர்கள் "காசில்லாமல் சாப்பிட்டோம்" என்று நினைத்து ஏங்குகிறார்கள். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து யாரும் இதைச் சொல்லவில்லை. மனசு அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

குடிநோய் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஏக்கம் வரும்போது மூளை முழுக் கதையையும் காட்டாது. முதல் மடக்கு தொண்டையில் இறங்கிய சுகம், கூட இருந்த கூட்டாளிகள், தொட்டுக்கொண்ட சுண்டல், அவ்வளவுதான் காட்டும். அதே ராத்திரி வாசலில் விழுந்துகிடந்ததையும், மகளின் பள்ளிக் கட்டணத்தைத் தொலைத்ததையும் காட்டாது. நீங்கள் இதைச் சொன்னவுடன் அந்த மண்டபத்தில் தலைகள் நிமிரும். உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள்: "உங்க முதல் கட்டிங்கை யார் வாங்கிக்கொடுத்தா?" பெரும்பாலும் ஒரு மாமன், ஒரு மேஸ்திரி, ஒரு தேர்தல், ஒரு கல்யாணவீடு என்று பதில் வரும். கிரயமில்லாமல்தான் வந்திருக்கும். கிரயம் பிறகுதான் வந்திருக்கும்.

இதிலிருந்து மன்னாவுக்கு வாருங்கள். 16-ஆம் அதிகாரம் முதல் வசனத்திலேயே தேதி இருக்கிறது: எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதி. புறப்பட்டது முதலாம் மாதம் பதினைந்து. அதாவது விடுதலையாகிச் சரியாக ஒரு மாதம். மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறியிருக்கும், முகம் தெளிந்திருக்கும், வீட்டில் எல்லாரும் "அவ்வளவுதான், சரியாயிட்டார்" என்பார்கள். முணுமுணுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. முணுமுணுத்த அந்த ஜனத்துக்குத்தான் வானத்திலிருந்து அப்பம் வருகிறது. அவர்கள் மனம் திருந்தினபிறகு வந்ததாக அதிகாரத்தில் இல்லை. கிருபை என்பதை அகராதி வைத்து விளக்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. முணுமுணுப்பு ஓய்வதற்கு முன்பே காலையில் தரையில் கிடந்தது என்று சொன்னால் போதும். இதுவும் கிரயமில்லாமல் வந்ததுதான். ஆனால் இதற்குப் பின்னால் அடிக்கிறவன் இல்லை.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. "கிரயமில்லாமல்" என்றவுடன் ஏசாயா 55:1 உங்கள் வாயில் வந்துவிடும். அழகான வசனம்தான், ஆனால் அதில் பணமுமின்றி விலையுமின்றித் திராட்சரசம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. குடியை விட்டு 9 நாள் ஆன ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதை வாசிக்காதீர்கள்.

அந்த அப்பத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஒவ்வொரு நாளுக்கு வேண்டியதை ஒவ்வொரு நாளிலும் சேர்த்துக்கொள்ளவேண்டும்." தலைக்கு ஓர் ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர் கொள்ளும் அளவு. நாளைக்கென்று எடுத்துவைக்கக் கூடாது. 20-ஆம் வசனத்தில் சிலர் எடுத்துவைத்தார்கள். அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. மோசே கோபப்பட்டான். இப்போது 21-ஆம் வசனத்தை வாசியுங்கள்: விடியற்காலந்தோறும் அவரவர் புசிக்கும் அளவுக்குச் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் மன்னா வந்தது. பாத்திரத்தில் புழு வைத்திருந்தவன் வீட்டுக்கும் வந்தது. ஒளித்து வைத்தவனுக்கு அளவைக் குறை என்றோ, ஒரு வாரம் நிறுத்து என்றோ எழுதியில்லை. நாற்றமும் உண்மை, மறுநாள் அப்பமும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் உங்கள் பேச்சின் கடினமான பகுதி முடிந்துவிட்டது.

என் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கப்பலூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், வயது 41. குடியை விட்டு 219-ஆம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் கேதத்துக்குப் போனார். நம் பக்கத்தில் கேதவீட்டில் ஆண்கள் ஒதுங்கும் இடம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு கட்டிங். 90 மில்லி. அதோடு எழுந்து வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை குழுவில் எண் சொல்லும் நேரம் வந்தது. "222" என்றார். எல்லாரும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகமுடியாமல், அன்று ராத்திரியே ஒரு குவார்ட்டர் வாங்கினேன் என்று பிற்பாடு சொன்னார். அடுத்த வெள்ளி 229. அதற்கடுத்த வெள்ளி 236. அதற்குள் தினமும் குவார்ட்டர் ஆகியிருந்தது. பாட்டில் மோட்டார் ரூமில் பழைய சாக்குக்கு அடியில் இருந்தது. நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்ட மனைவி, கேட்டால் வீடு என்னாகுமோ என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

அந்த மூன்று வாரத்தில் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய அடையாளங்கள் இருந்தன. எண்ணை மட்டும் சொன்னார், அந்த வாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முன்பெல்லாம் "புதன்கிழமை முதலாளியோடு சண்டை, கடைப்பக்கம் கால் போச்சு, திரும்பிட்டேன்" என்று சொல்லுகிறவர் அவர். தாமதமாக வந்து முதல் ஆளாகக் கிளம்பினார். வழிகாட்டியாக இருந்த மூத்தவர் போன் செய்தால் எடுக்கவில்லை, "சார்ஜ் இல்லண்ணே" என்றார். பாக்குப் போட ஆரம்பித்திருந்தார். நாங்கள் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தோம், ஆளைக் கேட்கவில்லை.

243-ஆக இருந்திருக்கவேண்டிய வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நின்று எண் சொல்லவில்லை. "அண்ணே, நான் மூணு வாரமாப் பொய் சொல்றேன்" என்றார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மூத்தவர் மூன்று கேள்வி கேட்டார். "கடைசியா எப்பக் குடிச்ச?" "இன்னைக்கு மத்தியானம்." "ஒரு நாளைக்கு எவ்வளவு?" "ஒரு குவார்ட்டர், சில நாள் கூட." "வீட்டுல சொல்லிட்டியா?" "இன்னும் இல்லண்ணே." ஏன் குடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அழவைக்கிற ஜெபமும் இல்லை. அன்று ராத்திரி மூத்தவரும் இன்னொருவரும் அவர் வீடுவரை கூடவே போனார்கள். மனைவியிடம் அவரே சொன்னார். மறுநாள் காலை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்கள். அடுத்த வெள்ளி வந்து உட்கார்ந்து "இன்னைக்கு ஏழு" என்றார்.

இந்த மனிதர் கூடாரத்துக்குள் ஒளித்து வைத்தது எது என்று நான் வெகுநாள் யோசித்தேன். முதலில் பாட்டில் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பாட்டிலுக்கு முன்பே அவர் ஒளித்தது 219-ஐ. நேற்று வரைக்கும் நன்றாக இருந்தேன் என்ற நல்ல பெயரை. அது நேற்றைய மன்னா. நேற்று அது உண்மையான அப்பம்தான், வானத்திலிருந்து வந்ததுதான். புதன்கிழமை காலையில் புதிதாகப் பொறுக்காமல் அதையே தின்னப் பார்த்தார், புழு வைத்தது. உங்கள் பேச்சில் இந்த ஒரு இடத்துக்கு நேரம் கொடுங்கள். குடிக்காத நாட்களை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியும் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் 15 பேரில் பலருக்குத் தெரியும், ஆனால் யாரும் அதை அவர்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

உங்கள் முதல் பயத்துக்கு இப்போது வருகிறேன். கிருபை அனுமதிச்சீட்டாகிவிடுமோ என்ற கேள்வியைப் பவுலே எழுப்புகிறார், ரோமர் 6:1: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" உடனே "கூடாதே" என்கிறார். ஆனால் அவர் அந்தக் கேள்விக்குப் பயந்து கிருபையைக் குறைத்துப் பேசவில்லை, 5-ஆம் அதிகாரத்தில் அதைப் பெருக்கிப் பேசிவிட்டுத்தான் இங்கே வருகிறார். நடைமுறையில் நான் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. முதல் கட்டிங்குக்கும் முழு வீழ்ச்சிக்கும் நடுவே சில மணி நேரம், சில நாள் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஆளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் வெட்கம். நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: "முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?" ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதையே ஆராய்ச்சிச் சொற்களில் எழுதினார். விரதத்தை முறித்துவிட்டேன், நான் உருப்படாதவன் என்று ஒருவன் தன்னைப்பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்வதுதான், ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுகிறது என்று. மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்துவிட்டு, கழற்றின அன்றே பழைய அளவுக்குப் போகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். விரதத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த நாட்கள் முடிந்தபின், அல்லது நடுவில் முறிந்தபின், மறுநாள் காலை எங்கே போவது என்பதற்கு அவர்களிடம் வழி இல்லை. 21-ஆம் வசனம் அந்த வழி.

இதில் நான் உறுதியாகச் சொல்வது இவ்வளவு: வெட்கம் குடியை நிறுத்துவதை நான் பார்த்ததில்லை, குடியை ஒளிக்கவைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கிருபையைப் பற்றிக் கேட்டவன் எல்லாம் விட்டுவிடுகிறான் என்று சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு அதையே சாக்காக வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு 20-ஆம் வசனத்தை அழுத்திப் படியுங்கள். நாற்றமெடுத்ததை நாற்றம் என்றே வேதம் சொல்கிறது, சபையும் சொல்லலாம்.

வேதபகுதியைக் கையாளும்போதும் எல்லையைச் சொல்லிவிடுங்கள். இந்த அதிகாரம் குடியைப் பற்றி எழுதப்பட்டதல்ல. கீழ்ப்படிதலையும் ஓய்வுநாளையும் பற்றியது. நாம் அதைப் பொருத்திப் பார்க்கிறோம், அவ்வளவே. ஆறாம் நாள் இரண்டு பங்கு சேர்க்கச் சொல்கிறது, அது மறுநாள் கெடவில்லை. ஆகவே சேர்த்துவைப்பதே தப்பு என்று பேசிவிடக் கூடாது. சீட்டுக் கட்டிப் பணம் சேர்க்க ஆரம்பித்திருக்கும் ஆளுக்கு அது குழப்பம். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, 33-ஆம் வசனம். ஒரு கலசத்தில் ஓர் ஓமர் மன்னாவைப் போட்டுச் சந்ததிகளுக்காகக் கர்த்தருடைய சந்நிதியிலே வைக்கும்படி மோசே ஆரோனிடம் சொல்கிறான். அதே மன்னா. கூடாரத்துக்குள் ஒளித்தது ஒரே ராத்திரியில் புழுத்தது, சந்நிதியில் எல்லாருக்கும் தெரிய வைத்தது தலைமுறைகளுக்கு நின்றது. எங்கள் குழுவில் நாள் எண்ணுவதை நாங்கள் விட்டுவிடாததற்கு இதுதான் காரணம். எண் சந்நிதியில் இருக்கட்டும்.

அடுத்து, தினசரி உண்மை. "உண்மையாயிருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினால் உங்கள் இரண்டாவது பயம் பலித்துவிடும். அது தலையில் வைத்த மூட்டைபோல ஆகிவிடும். ஓமர் அளவுக்குக் கொடுங்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் 12 படிகளில் பத்தாவது படி இதுதான்: தன்னைத் தொடர்ந்து சோதித்து, தப்புச் செய்தால் உடனே ஒத்துக்கொள்வது. அதில் "உடனே" என்ற சொல்தான் முக்கியம். அந்த ஆரம்பகால ஆட்கள் யாக்கோபின் நிருபத்தை விரும்பிப் படித்தவர்கள். யாக்கோபு 5:16: "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." மன்னிப்புக்காக என்று இங்கே சொல்லவில்லை, சொஸ்தமடையும்படிக்கு என்கிறது. கடவுளிடம் தனியே சொல்லிவிட்டேன் என்கிறவரிடம் இந்த "ஒருவருக்கொருவர்" என்ற சொல்லைக் காட்டுங்கள்.

நாங்கள் குழுவில் பழக்குவது ராத்திரி படுக்குமுன் ஒரு நோட்டில் மூன்று வரி. இன்று யாரிடம் எதைப் பொய்யாகச் சொன்னேன். இன்று எந்த நேரத்தில் ஏக்கம் வந்தது. இதை நாளைக்கு யாரிடம் வாய்விட்டுச் சொல்லப்போகிறேன். எழுத வராதவர்கள் மூத்தவருக்குப் போன் செய்து சொல்வார்கள், இரண்டு நிமிடம். குடியைப் பற்றிய பொய்யை மட்டும் தேடச் சொல்லாதீர்கள். சம்பளம் எவ்வளவு வந்தது, எங்கே போனேன், யார் போன் செய்தது என்ற சின்னப் பொய்களில்தான் பழைய கை மறுபடி பழகுகிறது. லேத் பட்டறைக்காரரின் நோட்டில் கேதத்துக்கு முந்தின வாரத்தில் இரண்டு பொய் இருந்தது. இரண்டும் காசைப் பற்றியவை.

ஒருவர் தேறுகிறாரா என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் எண்ணைப் பார்ப்பதில்லை. குடித்ததற்கும் அதைச் சொன்னதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்கிறேன். லேத் பட்டறைக்காரருக்கு முதல் தடவை 24 நாள். அடுத்த தீபாவளிக்கு மறுபடி சறுக்கினார், ஆமாம், சறுக்கினார். அன்று ராத்திரி 10 மணிக்கு மூத்தவருக்குப் போன் வந்தது. "அண்ணே, ஏழு மணிக்கு ஒரு கட்டிங் போட்டுட்டேன், பாட்டில்ல மிச்சம் இருக்கு, வாங்க." மூன்று மணி நேரம். மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து சாக்கடையில் ஊற்றினார்கள்.

உண்மை பேசுவதற்கும் எல்லை உண்டு, அதையும் 20 நிமிடத்துக்குள் ஒரு நிமிடமாவது சொல்லுங்கள். தன் தப்பைச் சொல்லலாம், அடுத்தவர் ரகசியத்தைச் சொல்லக் கூடாது. பரிகாரம் செய்வதைப் பற்றிய ஒன்பதாம் படியிலேயே, பிறருக்குத் தீங்காகும் இடம் தவிர என்ற விலக்கு இருக்கிறது. மனம் லேசாகவேண்டும் என்பதற்காகப் பழைய துரோகத்தை மனைவி தலையில் ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டு வந்து, "உண்மையாயிருந்தேன்" என்று சொன்னவர்கள் உண்டு. அதைவிட முக்கியம், கிருபையைக் காட்டி மனைவியை நெருக்கக் கூடாது. அடித்த கணவனிடம் திரும்பிப் போ, வேதம் மன்னிக்கச் சொல்கிறதே என்று சபைப் பெரியவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும். மன்னிப்பு ஒன்று, நம்பிக்கை இன்னொன்று. ஏடிஎம் கார்டு மனைவி கையில் இருப்பது கிருபைக்கு விரோதமானதல்ல.

குடும்பத்தார் பக்கத்திலும் உண்மை வேண்டும். சாம்பாரில், காப்பியில் தெரியாமல் மருந்து கலப்பது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. பலர் கலப்பது டைசல்ஃபிராம் மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழலாம்; இருதயக் கோளாறு உள்ளவருக்கு உயிர்கூடப் போகலாம். மருத்துவர் கண்காணிப்பில், சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் ஒத்துக்கொண்டு சாப்பிட்டால் அது நல்ல மருந்து. ஒளித்துக் கொடுத்தால் அதுவும் கூடாரத்துக்குள் வைத்த கதைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேதம் பேசுவதற்கு முன் மருத்துவம் பேசவேண்டும். தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டு மனம் உடைந்து, "இந்த நிமிஷத்திலிருந்து தொடமாட்டேன்" என்று எழுந்து நிற்கலாம். எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். அவருக்கு அடுத்த நாலு நாள் ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். 2 நாளைக்குள் வலிப்பு வரலாம். 2-லிருந்து 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதும் யாரோ கூப்பிடுவதும் தெரியும். காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டத்தைப் பிசாசு என்று நினைத்து, ராத்திரி முழுக்க அறையில் வைத்து ஜெபித்தவர்களை எனக்குத் தெரியும். ஜெபியுங்கள், ஆம்புலன்சில் உட்கார்ந்து ஜெபியுங்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தேவையான மருந்தும் தயமின் ஊசியும் போட்டுப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். முன்பு வலிப்பு வந்தவர், வயதானவர், தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர், இவர்கள் வீட்டில் நிறுத்தவே கூடாது. அவசரமில்லாத ஆலோசனைக்கு 14416 என்ற இலவச மனநல எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்.

குடித்ததே இல்லை என்றீர்கள். நானும் குடித்தவன் இல்லை. "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். முன்வரிசையில் இருக்கும் ஆள் அதோடு காதை மூடிக்கொள்வார். "நான் குடித்ததில்லை, அதனால் குடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் சொந்தப் பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்து வையுங்கள், இந்த வாரத்தில் சொன்ன ஒரு பொய். பெரிதாக இருக்கவேண்டாம், உண்மையாக இருந்தால் போதும். ஒருமுறை நான் பேசும்போது, அன்று சாயங்காலமே சொன்ன பொய்யைச் சொன்னேன்: "கிளம்பி காளவாசல் வந்துட்டேன்" என்று போனில் சொன்னபோது நான் வீட்டில் சட்டைகூட மாட்டியிருக்கவில்லை. அந்த ஆள் எனக்காக நாற்பது நிமிடம் வெயிலில் நின்றார். அதைச் சொல்லியபின் அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் பேசினார்கள். வழக்கமாக இரண்டு பேர்தான் பேசுவார்கள்.

குழுவில் இந்துக்களோ இஸ்லாமியரோ இருந்தால், விடுதலைக்கு ஞானஸ்நானம் நிபந்தனை என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னாக் கதையைக் கதையாகச் சொன்னால் எல்லாரும் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில், அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன் சத்தியம் செய்து முறித்த ஒருவர், இனி சாமி தன்னை ஏற்காது என்று பயந்துபோய் இருந்தார். 21-ஆம் வசனம் வந்தபோது அவர் கேட்ட கேள்வி: "ஒளிச்சு வச்சவனுக்கும் மறுநாள் கிடைச்சுதா?" கிடைத்தது என்றேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, எகிப்து மீனுக்கு 5 நிமிடம், 20-21 வசனங்களுக்கு 8, ராத்திரி மூன்று வரிக்கு 4, எல்லைகளுக்கும் ஆபத்துக்கும் 3. "இன்று குடித்தவர்கள் கை தூக்குங்கள்" என்று அழைப்பு விடாதீர்கள். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, முடித்துவிடுங்கள். முடித்தபின் கடைசிப் பஸ்ஸைச் சொல்லி ஓடாதீர்கள். நாற்காலிகளை மடக்கி அடுக்குங்கள், டம்ளர் கழுவுங்கள். சொல்லவேண்டியது இருக்கிறவர் பெரும்பாலும் அப்போதுதான் பக்கத்தில் வந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல், கூட ஒரு நாற்காலியை மடக்கிக்கொண்டே ஆரம்பிப்பார்.